டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த இரண்டு நாள் இடைவெளி: நிலைகள், சாப்பாடு, பராமரிப்பு

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கிரியாட்டினின் 1.4 என்று வந்திருக்கிறது. இது அதிகமா, பரவாயில்லையா? இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. 25 வயது ஆணுக்கு 1.4 இருந்தால், இப்போது பயன்படுத்தும் 2021ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 71 மில்லி அளவில் இருக்கும். அதே 1.4, 60 வயதுப் பெண்ணுக்கு என்றால் 43 தான். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைவாக உள்ளவருக்கு ரத்தத்தில் அது கொஞ்சம் ஏறியிருந்தாலே சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருக்கலாம். அதனால்தான் மருத்துவர்கள் வயது, பாலினம் எல்லாம் சேர்த்து இந்த வடிகட்டும் வேகத்தை இ.ஜி.எஃப்.ஆர். என்ற அளவாகக் கணக்கிடுகிறார்கள். நிலைகளைப் பிரிப்பது அந்த அளவை வைத்துத்தான்.

90க்கு மேல் இருந்து, சிறுநீரில் புரதம் போவது போன்ற பாதிப்பும் இருந்தால் முதல் நிலை. 60 முதல் 89 வரை, அதே போன்ற பாதிப்புடன் இருந்தால் இரண்டாம் நிலை. 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை. இதை 45இல் கோடு போட்டு 3ஏ, 3பி என்று பிரிப்பார்கள். 15 முதல் 29 வரை நான்காம் நிலை. 15க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. ஒரு தடவை குறைவாக வந்துவிட்டதால் மட்டும் நாள்பட்ட நோய் என்று முடிவு கட்ட மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேலும் அப்படியே நீடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியிருக்கும்போது எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறி, பிறகு பழைய நிலைக்கு வருவது உண்டு.

மூன்றாம் நிலை வரைக்கும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. இதுதான் இந்த நோயின் கெட்ட குணம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருந்தால் அந்த இடத்திலேயே பல வருடம் நிறுத்தி வைக்க முடியும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் இறக்கம் வேகமாகிவிடும். நான்காம் நிலைக்கு வந்தவுடன், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்துலா போடுவது பற்றியும், மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் பேசத் தொடங்கிவிட வேண்டும். ஐந்தாம் நிலை என்றாலே மறுநாள் டயாலிசிஸ் என்று அர்த்தமில்லை. மூச்சுத்திணறல், ஓயாத குமட்டல், மருந்துக்கு அடங்காத பொட்டாசியம் என்று வரும்போதுதான் தொடங்குவார்கள்; பலருக்கு இ.ஜி.எஃப்.ஆர். 10க்குக் கீழே போன பிறகுதான்.

டயாலிசிஸ் ஆரம்பித்ததும் சாப்பாட்டு விதிகளில் ஒன்று தலைகீழாகிறது. வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மூன்று, நான்காம் நிலைகளில் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம். டயாலிசிஸில் இருப்பவருக்கோ 1 முதல் 1.2 கிராம் தேவை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்கள் வடிகட்டி வழியே வெளியே போய்விடுகின்றன. பழைய சீட்டையே வைத்துக்கொண்டு "முட்டை கூடாது, மீன் கூடாது" என்று நிறுத்தி வைத்தால் ஆறு மாதத்தில் தோளும் தொடையும் வற்றிவிடும். 58 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 58 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். மூன்று முட்டையின் வெள்ளைக்கரு பத்து கிராம் தரும். சமைத்த மீனோ கோழியோ நூறு கிராம் இருந்தால் இருபது கிராமுக்கு மேல் கிடைக்கும். சோறு, இட்லி, பருப்பிலிருந்து மீதி வரும். மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால்தான் வெள்ளைக்கருவைச் சொல்கிறோம். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். அது வயிற்றில் உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுவது. வெறும் வயிற்றில் போட்டால் வீண்.

வாரத்தில் 12 மணி நேரம்

வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்றால் மொத்தம் 12 மணி நேரம் இயந்திரம் வேலை செய்கிறது. மீதி 156 மணி நேரமும் உள்ளே போகும் தண்ணீர், உப்பு, பொட்டாசியம் எல்லாம் உடம்பிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். திங்கள், புதன், வெள்ளி என்று வருபவருக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இருப்பதுதான் நீளமான இடைவெளி. டயாலிசிஸ் நோயாளிகளின் திடீர் மரணங்கள் அந்த நீண்ட இடைவெளியின் கடைசியில்தான் அதிகம் என்று திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் அந்த இடைவெளிக்குள்தான் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சாப்பாடும் வருகிறது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 54, பதினெட்டு வருடச் சர்க்கரை நோய், சிறுநீர் ஒரு நாளைக்கு 200 மில்லி மட்டும் போகிறது. ட்ரை வெயிட் 58 கிலோ. உடம்பில் கூடுதல் நீர் இல்லாமல், ரத்த அழுத்தமும் சரியாக இருக்கும்போது உள்ள எடைதான் ட்ரை வெயிட். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து 58 கிலோவோடு வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை காலையில் எடை பார்த்தால் 61.5.

"சிஸ்டர், நான் தண்ணியே குடிக்கலை. எப்படி மூணரை கிலோ ஏறுச்சு?"

இந்தக் கேள்வி டயாலிசிஸ் யூனிட்டில் எல்லாத் திங்களும் கேட்கும். கேட்பவர் பொய் சொல்லவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை அவர் தொட்டிருக்க மாட்டார். ஆனால் ரசம், மோர், காபி, கஞ்சி, குழம்பு எல்லாம் தண்ணீர்தான் என்ற கணக்கு அவருக்கு இல்லை. அதைவிட முக்கியம் உப்பு. ரத்தத்தில் உப்பின் செறிவை உடம்பு ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். அதிகமாக உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்கும், குடித்தே தீர வேண்டியிருக்கும். கணக்குப் பார்த்தால், சிறுநீர் போகாத உடம்பில் 8 கிராம் உப்பு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, குழம்பு என்று நாளுக்கு 11, 12 கிராம் உப்பு சேர்ந்தால் இரண்டரை நாளில் கிட்டத்தட்ட 28 கிராம். அந்த மூன்றரை கிலோ எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே பதில். அதே மனிதர் நாளுக்கு 5 கிராம் உப்போடு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனோடு நிறுத்தியிருந்தால் ஒன்றரை கிலோதான் ஏறியிருக்கும்.

அதனால் "தண்ணீர் குடிக்காதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது பயன் தராது என்பது என் கருத்து. உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது ஒரு மனிதரைத் தாகத்தில் வாட்டுவது. முதலில் உப்பு, பிறகுதான் தண்ணீர். சர்க்கரை நோயாளி என்றால் ரத்தச் சர்க்கரையையும் பாருங்கள், 300, 400 என்று நின்றால் அதுவும் தாகத்தைக் கூட்டும்.

தண்ணீருக்கான அளவு எளிது. முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்துக்கொள்ள வேண்டும். இவருக்கு 700 மில்லி. காலையில் ஒரு பாட்டிலில் 700 மில்லி தண்ணீர் அளந்து வைத்துவிடுங்கள். ஒரு டம்ளர் காபி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். ரசத்துக்கும் மோருக்கும் அதே மாதிரி. மாத்திரை விழுங்கும் தண்ணீரும் இதிலிருந்துதான். பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரிவதால் வீட்டில் வாக்குவாதம் குறையும். சின்ன டம்ளர் வைத்துக்கொள்வதும், வாயைக் கொப்பளித்துத் துப்புவதும் உதவும். ஐஸ் கட்டி சப்பலாம், ஆனால் அதுவும் கணக்கில் சேரும்.

ஏறிய நீரை இறக்கும்போது

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம். 3.5 லிட்டர் எடுக்க வேண்டும். முடிக்கும்போது குழாயில் இருக்கும் ரத்தத்தை உள்ளே தள்ள விடும் சலைனும், நடுவில் அவர் குடிக்கும் காபியும் சேர்த்து இன்னொரு 300 மில்லி. மொத்தம் 3.8 லிட்டர். நான்கு மணி நேரத்தில் எடுக்க வேண்டுமென்றால் மணிக்கு 950 மில்லி. பாதுகாப்பான வரம்பு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லி. 58 கிலோவுக்கு 754 மில்லி. நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர்தான் நியாயமாக எடுக்கலாம். 3.8 லிட்டரும் போக வேண்டுமென்றால் ஐந்து மணி நேரம் ஆகும்.

வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? இயந்திரம் ரத்தக் குழாய்க்குள் இருக்கும் நீரைத்தான் எடுக்கிறது. கால் வீக்கத்திலும் தசையிலும் இருக்கும் நீர் மெதுவாக ரத்தக் குழாய்க்கு வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். எடுக்கும் வேகம் நிரம்பும் வேகத்தை மிஞ்சினால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். வரும்போது 150/90 இருந்தவருக்கு மூன்றாவது மணி நேரத்தில் 90/60. ஆனால் அந்த எண் திரையில் வருவதற்கு முன்பே ஆள் காட்டிக்கொடுத்துவிடுவார். தொடர்ந்து கொட்டாவி விடுவார். முகம் வெளிறும், நெற்றி வியர்க்கும், பேசிக்கொண்டிருந்தவர் அமைதியாகிவிடுவார். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நல்ல டயாலிசிஸ் செவிலியர் அரை மணிக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பதோடு நிற்காமல் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அப்போது செய்வது: நீர் எடுப்பதை உடனே நிறுத்துவது, தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்துவது, மருத்துவர் உத்தரவுப்படி 100 முதல் 200 மில்லி சலைன் விடுவது, சர்க்கரை நோயாளி என்றால் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. சர்க்கரை இறங்கியிருந்தால் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. சலைன் விட்டால் எடுத்த உப்பில் கொஞ்சம் திரும்ப உள்ளே போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அன்று மாலை அவருக்குத் தாகம் கூடுதலாக இருக்கும். டயாலிசிஸ் நாளில் காலை ரத்த அழுத்த மாத்திரையைப் போடலாமா, முடிந்த பிறகு போடலாமா என்பதை மருத்துவரிடம் ஒருமுறை தெளிவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலருடைய அழுத்தம் நடுவில் இறங்குவதற்கு அந்த மாத்திரையும் ஒரு காரணம்.

கால் இழுத்துப் பிடித்த வேதனையில் "போதும், எடுத்துவிடுங்கள்" என்று மூன்று மணி நேரத்திலேயே கேட்பவர்கள் உண்டு. அப்படி எடுத்துவிட்டால் ஒன்றரை கிலோ நீர் மிச்சமாக வீட்டுக்குப் போகும், கழிவும் முழுதாகப் போயிருக்காது. புதன்கிழமை இன்னும் மோசமாகும்.

ட்ரை வெயிட் ஒருமுறை குறித்துவிட்டால் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறினால் அது கூடும். அப்போதும் 58க்கே இறக்கினால் ஒவ்வொரு முறையும் கால் இழுக்கும், தலை சுற்றும். காய்ச்சலில் கிடந்து உடம்பு இளைத்தால் அது குறையும். தசை இரண்டு கிலோ போன இடத்தில் நீர் இரண்டு கிலோ உட்கார்ந்திருந்தால் எடை அதே 58தான் காட்டும். படுத்தால் மூச்சு முட்டுவது, இரண்டு தலையணை தேவைப்படுவது, மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போவது ஆகியவைதான் அதன் அறிகுறிகள்.

பொட்டாசியம்

நீர் ஏறினால் வீக்கம் தெரியும், எடை தெரியும். பொட்டாசியம் ஏறினால் ஒன்றும் தெரியாமல் போகலாம். சாதாரண அளவு 3.5 முதல் 5. ஆறைத் தாண்டும்போது இதயத் துடிப்பு எப்போது வேண்டுமானாலும் தடுமாறலாம். சிலருக்குக் காலில் பலமே இல்லாமல் போகும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாது. அப்படி வந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

வெயில் காலத்தில் அன்போடு வாங்கிக் கொடுக்கும் இளநீர்தான் முதல் ஆபத்து. ஒரு இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும், அதோடு ஒரு டம்ளர் நீரும். வாழைப்பழம், சாத்துக்குடி, முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி சூப் எல்லாம் இதே பட்டியல். "உப்புக்குப் பதிலாக இதைப் போடுங்கள்" என்று கடையில் கிடைக்கும் லோ சோடியம் உப்பு இன்னும் ஆபத்து. சோடியத்தைக் குறைத்துவிட்டு அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடைத்தான். இந்துப்பும் பெரும்பகுதி சாதாரண உப்புதான், அதனால் அதில் சலுகை எதுவும் இல்லை. ஸ்டார் ஃப்ரூட் என்னும் நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூட வேண்டாம். சிறுநீரகம் வெளியேற்ற முடியாத நரம்பு நஞ்சு அதில் இருக்கிறது. விடாத விக்கலில் தொடங்கி வலிப்புவரை கொண்டுபோகும்.

காய்கறியை விட்டுவிட வேண்டியதில்லை. தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்துவிட வேண்டும். பொட்டாசியம் முழுதும் போகாது, கணிசமாகக் குறையும். சமையலறையில் நடக்கும் தவறு இங்கேதான்: வடித்த தண்ணீரில் சத்து இருக்கிறதே என்று ரசம் வைத்துவிடுவார்கள். வெளியேற்ற நினைத்தது அத்தனையும் அந்த ரசத்தில் இருக்கும். சுரைக்காய், முட்டைக்கோஸ், பீர்க்கங்காய் பெரும்பாலும் தொந்தரவு தராது. பழம் ஆசைப்பட்டால் ஆப்பிளிலோ பேரிக்காயிலோ பாதி. மலச்சிக்கலையும் கவனிக்க வேண்டும். சிறுநீர் போகாதவருக்குப் பொட்டாசியம் வெளியேறும் இன்னொரு வழி குடல்தான்.

ஃபிஸ்துலா கை

மணிக்கட்டிலோ முழங்கையிலோ ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துப் போடுவது ஃபிஸ்துலா. சிரை தடித்து ஊசி தாங்கும் அளவுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரைக்கும் கழுத்தில் பொருத்திய கதீட்டர் என்னும் குழாய் வழியாக டயாலிசிஸ் நடக்கும். கதீட்டர் உள்ளவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய அரை மணியில் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் அதில் தொற்று என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். கட்டு நனையக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கக் கூடாது.

ஃபிஸ்துலா கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப் போடக் கூடாது. வேறு வார்டில் சேர்க்கும்போது அங்குள்ள செவிலியருக்குத் தெரியாமல் போகலாம், அதனால் நோயாளியே சொல்லிவிட வேண்டும். இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், கனமான பை, அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குவது எல்லாமே ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

டயாலிசிஸ் நடக்கும்போது ஏசி குளிருகிறது என்று அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்வார்கள். விடவே கூடாது. ரத்தம் திரும்பும் ஊசி கழன்றால் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி வேகத்தில் ரத்தம் வெளியே போகும். சிறு கசிவு என்றால் இயந்திரம் அலாரம் அடிக்காமலும் போகலாம். உடம்பு முழுக்கப் போர்த்திக்கொள்ளட்டும், ஊசி உள்ள இடம் மட்டும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஊசி எடுத்த பிறகு பத்து, பதினைந்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடிப்பார்கள். வீட்டுக்குப் போன பிறகு அந்த இடத்தில் ரத்தம் வந்தால், துண்டை எடுத்துக் கை முழுக்கச் சுற்றுவதுதான் பலர் செய்வது. துண்டுக்குள்ளே ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், வெளியே தெரியாது. மடித்த சுத்தமான துணியை அந்தத் துளை மேல் வைத்து, இரண்டு விரலால் நேராக அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. இருபது நிமிடத்திலும் நிற்கவில்லை என்றாலோ, பீய்ச்சி அடித்தாலோ, அழுத்தியபடியே 108ஐ அழைக்க வேண்டும்.

தினமும் காலையில் எழுந்ததும் மறு கையின் விரல்களை ஃபிஸ்துலா மேல் வைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு மெல்லிய அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். யூனிட்டில் அதைத் த்ரில் என்போம். காதை வைத்தால் உஷ் உஷ் என்று சத்தமும் கேட்கும். அந்த அதிர்வு இல்லையென்றால், அல்லது வெறும் நாடித்துடிப்பு மாதிரி துடித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம் அல்லது குழாய் சுருங்கியிருக்கலாம். அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் திங்கள் வரை தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஓரிரு நாளுக்குள் என்றால் உறைந்த ரத்தத்தை எடுத்து ஃபிஸ்துலாவைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் கழுத்தில் கதீட்டர் போட்டுவிட்டு, வேறொரு இடத்தில் புது ஃபிஸ்துலாவுக்காக மறுபடியும் ஆறு, எட்டு வாரம் காத்திருக்க வேண்டிவரும்.